வாரத்துக்கு ஒரு வேர்: ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் படிக்கும் முறை

கேள்வி: தினமும் ஐம்பது ஆங்கிலச் சொற்கள் கொண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிறேன். பத்து நாளில் பாதிக்குமேல் மறந்துபோகிறது. வேர்ச்சொல், முன்னொட்டு, பின்னொட்டு என்று பிரித்துப் படித்தால் நிற்கும் என்கிறார்கள். வாரக் கணக்கில் அதை எப்படித் திட்டமிடுவது?

பதில்:

வாரத்துக்கு ஒரே ஒரு வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அதனோடு சேர்ந்து வரும் முன்னொட்டுகளையும் பின்னொட்டுகளையும் அந்தந்தச் சொல்லின் வழியாகவே பழகுங்கள். புதிய சொற்கள் வாரத்துக்குப் பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். சனிக்கிழமை நீங்கள் படிக்காத சொற்களைக் கொண்டு உங்களையே சோதித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை புதிதாக எதுவும் படிக்காமல், பழையதை நோட்டைத் திறக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது அல்லது இருபத்தைந்து நிமிடம் போதும். நாளுக்கு ஐம்பது சொல் படித்தவருக்கு வாரத்துக்குப் பன்னிரண்டு என்பது ஏமாற்றமாகத் தோன்றும் என்று தெரியும். ஆனால் இந்த முறையில் கணக்கு அந்தப் பன்னிரண்டில் இல்லை, சனிக்கிழமைச் சோதனையில் இருக்கிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிய பழக்கம் அன்று. 'செய்தான்' என்பதைச் செய் + த் + ஆன் என்று பள்ளியில் பிரித்திருப்போம். பகுதி செயலைச் சொல்லும், இடைநிலை காலத்தைச் சொல்லும், விகுதி ஆளைச் சொல்லும் என்பதும் தெரியும். ஆங்கிலச் சொல்லின் வேரும் பின்னொட்டும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கின்றன. நமக்குப் பழக்கமில்லாதது முன்னொட்டு. தமிழ் பெரும்பாலும் சொல்லின் வாலில்தான் உறுப்புகளைச் சேர்க்கும், தலையில் சேர்ப்பது அரிது. அதனால் தமிழ் வழியில் சிந்திப்பவர்கள் ஆங்கிலச் சொல்லின் வாலை எளிதில் அடையாளம் காண்கிறார்கள், தலையில்தான் தடுமாறுகிறார்கள். எனவே முதல் வாரத்தை வேர்களுக்குத் தராமல், 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' என்ற நான்கு முன்னொட்டுகளுக்கு ஒதுக்குங்கள். பள்ளி மாணவர்கள் படிக்கும் ஆங்கிலப் பாடங்களில் வரும் முன்னொட்டுச் சொற்களை எண்ணிப் பார்த்து 1989இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், இந்த நான்கு மட்டுமே அத்தகைய சொற்களில் 58 விழுக்காட்டுக்குப் பொறுப்பாக இருந்தன. ஒரு வார உழைப்புக்கு இது நல்ல வரவு.

எந்த வேர்களை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. நூறு வேர், இருநூறு வேர் என்று பட்டியல்கள் கிடைக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டால் சொற்பட்டியலை விட்டு வேர்ப்பட்டியலுக்கு மாறியதாகத்தான் ஆகும், நோய் அப்படியே இருக்கும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஐ. பிரவுன் என்ற பேராசிரியர் இதற்கு ஒரு சுருக்கமான வழி கண்டார். ஆயிரக்கணக்கான சொற்களில் திரும்பத் திரும்ப வரும் 14 வேர்களையும் 20 முன்னொட்டுகளையும் தேர்ந்து, அவை அனைத்தும் இடம்பெறும்படி 14 சொற்களை மட்டும் கொடுத்தார். அந்த 14 வேர்களில் பன்னிரண்டு லத்தீன், இரண்டு கிரேக்கம். பிடித்தல், வைத்திருத்தல், அனுப்புதல், சுமத்தல், நிற்றல், எழுதுதல், பேசுதல், பார்த்தல், மடித்தல், நீட்டுதல், வழிநடத்துதல், வைத்தல், செய்தல் என்று எல்லாமே கையும் காலும் கண்ணும் வாயும் செய்கிற எளிய வேலைகள். எழுதுதலுக்கு மட்டும் லத்தீனில் ஒன்றும் கிரேக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வேர். ஆங்கிலத்தில் கனமாகத் தெரியும் சொற்களில் மிகப் பல இந்தச் சாதாரண வினைகளின் மேல் கட்டப்பட்டவைதாம். ஒரு வாரத்துக்கு ஒன்று என்றால் பதினான்கு வாரம், முன்னொட்டுக்கு ஒரு வாரம், இடையிடையே மறுபார்வைக்கு இரண்டு மூன்று வாரம் என்று சுமார் நான்கு மாதத்தில் முடியும். இதற்கு மேல் வேர்களைச் சேர்க்க வேண்டுமா என்பதை அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு வாரத்தை முழுதாக நடத்திக் காட்டுகிறேன். 'பார்த்தல்' என்ற பொருளுள்ள 'ஸ்பெக்ட்' என்ற வேரை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பு: நோட்டில் சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். உச்சரிப்பு மாறும் இடங்களிலும் எழுத்து பெரும்பாலும் மாறாமல் நின்று உறவைக் காட்டிக்கொடுக்கும். 'சஸ்பிஷன்' என்று காதில் விழுவதில் 'ஷ' ஒலியாக மாறிப்போன அந்த 'சி' எழுத்துதான், அது 'சஸ்பெக்ட்' குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்குச் சான்று.

திங்கட்கிழமை புதிய சொல் எதுவும் வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை மட்டும் எழுதுங்கள். இன்ஸ்பெக்டர், ரெஸ்பெக்ட், சஸ்பெக்ட், ஸ்பெக்டக்கிள்ஸ் ஆகிய நான்கும் தெரியாதவர் இருக்க மாட்டார். இவற்றுக்கு இரண்டு பொருள்களை எழுத வேண்டும்: உறுப்புகளைக் கூட்டினால் கிடைக்கும் பொருள் ஒன்று, இன்று வழக்கில் உள்ள பொருள் மற்றொன்று. இன்ஸ்பெக்டர் 'உள்ளே பார்ப்பவர்', வழக்கில் ஆய்வாளர். இங்கே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ரெஸ்பெக்ட் 'திரும்பிப் பார்த்தல்', வழக்கில் மதிப்பு. இங்கே இரண்டுக்கும் நடுவே ஒரு தாவல் இருக்கிறது. ஒருவரை அப்படியே கடந்து போகாமல் நின்று திரும்பிப் பார்ப்பது அவரைப் பொருட்படுத்துவதாகும், பொருட்படுத்துவது மதிப்பதாகும். சஸ்பெக்ட் 'கீழிருந்து பார்த்தல்', வழக்கில் ஐயுறுதல். ஓரக்கண்ணால் ஒருவரை அளவெடுப்பதை நினைத்தால் போதும். இந்தத் தாவலை உங்கள் சொந்தச் சொற்களில் ஒரு வரியாக எழுதுவதுதான் திங்கட்கிழமையின் உண்மையான வேலை. வேரைத் தெரிந்துகொண்டும் சொல்லை மறந்துவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு வரியை எழுதாதவர்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று புதிய சொற்கள். 'ப்ராஸ்பெக்ட்' என்பது 'முன்னால் பார்த்தல்', வழக்கில் வருங்கால வாய்ப்பு. 'சர்கம்ஸ்பெக்ட்' என்பது 'சுற்றிப் பார்க்கிற', வழக்கில் எச்சரிக்கையுள்ள. சுற்றுமுற்றும் பார்த்து நடப்பவர் என்று நாமும் சொல்வதால் இதற்கு விளக்கமே தேவையில்லை. 'ஸ்பெக்குலேட்' சற்றுத் தொலைவு வந்த சொல். லத்தீனில் காவற்கோபுரத்துக்கு இதே வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. கோபுரத்தின் மேல் நின்று தொலைவில் வருவதை நோக்குவது போல, உறுதியான செய்தி இல்லாமல் ஊகிப்பது என்று பொருள் வளர்ந்தது.

புதன்கிழமை, வேர் உருமாறும் இடம். இலக்கணத்தில் புணர்ச்சி படித்தவர்களுக்கு இது எளிது. 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது 'மரங்கள்' ஆவதைப் போல, லத்தீனிலும் அண்டை எழுத்துக்கேற்ப உறுப்புகள் திரியும். 'ஸ்பெக்' என்பது முன்னொட்டு சேரும்போது பல இடங்களில் 'ஸ்பிக்' ஆகிவிடும். 'கன்ஸ்பிக்யுவஸ்' என்றால் கண்ணில் படும்படியான. 'டெஸ்பிகபிள்' என்றால் இழிவான, கீழ்நோக்கிப் பார்க்கத் தக்க. 'ஆஸ்பிஷஸ்' என்றால் மங்கலமான, நற்குறியுள்ள. இந்த மூன்றாவது சொல்லின் முதற்பகுதி பறவையைக் குறிக்கும். பண்டைய ரோமில் பறவைகள் பறக்கும் விதத்தைப் பார்த்து நல்ல வேளையா கெட்ட வேளையா என்று சொல்பவர்கள் இருந்தார்கள். நம் பழைய நூல்களில் வரும் புள் நிமித்தமும் அதே வேலைதான், 'சகுனம்' என்ற வடசொல்லுக்கும் பறவை என்றே ஒரு பொருள் உண்டு. இப்படி ஒரு கதையோடு சேர்ந்த சொல்லை மறக்க முயன்றாலும் முடியாது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் கதை தேடிப் புறப்பட்டால் இருபது நிமிடம் இரண்டு மணி நேரமாகிவிடும் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்.

முன்னொட்டுகளும் இதே போலத் திரியும். இல்லை என்னும் பொருள் தரும் 'இன்' என்பதே 'இல்லீகல்', 'இம்பாசிபிள்', 'இர்ரெகுலர்' ஆகியவற்றில் 'இல்', 'இம்', 'இர்' என்று நிற்கிறது. இவற்றை நான்கு முன்னொட்டுகளாகப் படிப்பது வீண் சுமை. ஒன்றுதான், அடுத்து வரும் எழுத்துக்கேற்ப முகம் மாறுகிறது. 'சஸ்பெக்ட்' என்பதில் 'சப்' என்ற முன்னொட்டு தன் இறுதி எழுத்தை இழந்து 'சஸ்' போல நிற்பதும் இந்த வகையே.

வியாழக்கிழமை பின்னொட்டுகள். பின்னொட்டு பொருளை அதிகம் மாற்றாது, சொல் பெயரா வினையா உரியா என்ற வகையைத்தான் மாற்றும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'ரெஸ்பெக்ட்' என்ற ஒரே சொல்லின் மேல் மூன்று வெவ்வேறு பின்னொட்டுகளை வைத்துப் பாருங்கள். 'ரெஸ்பெக்ட்ஃபுல்' என்றால் மதிப்புக் காட்டுகிற. 'ரெஸ்பெக்டபிள்' என்றால் மதிக்கத்தக்க. 'ரெஸ்பெக்டிவ்' என்றால் அவரவருக்கு உரிய. முதலாமவர் பிறரை மதிக்கிறார், இரண்டாமவரைப் பிறர் மதிக்கிறார்கள், மூன்றாவதில் மதிப்பே இல்லை. கடிதத்தின் முடிவில் 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' என்று எழுத நினைத்து 'ரெஸ்பெக்டிவ்லி' என்று எழுதியவர்களின் விண்ணப்பங்களை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். 'ஃபுல்' என்பது நிறைந்திருப்பதையும், 'ஏபிள்' என்பது செய்யப்படத் தக்கதையும் குறிக்கும் என்று ஒரு முறை மனத்தில் பதிந்தால் இந்தப் பிழை நேராது. வியாழக்கிழமையின் மூன்று சொற்கள் இவையே. மூன்றையும் வைத்து ஆளுக்கொரு வாக்கியம் எழுதுங்கள், பொருளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு 'ரெட்ராஸ்பெக்ட்', 'பெர்ஸ்பெக்டிவ்', 'இன்ட்ராஸ்பெக்ஷன்' என்ற மூன்று. பின்னோக்கிப் பார்த்தல், ஒன்றின் ஊடாகப் பார்க்கும் பார்வைக்கோணம், தன் மனத்துக்குள்ளேயே பார்த்தல் என்று இவை எளிதாக அமையும். 'ப்ராஸ்பெக்ட்' செவ்வாய்க்கும் 'ரெட்ராஸ்பெக்ட்' வெள்ளிக்கும் போனது தற்செயல் அன்று. முன் என்பதற்கும் பின் என்பதற்கும் உரிய இரண்டு சொற்கள், மீதி உருவம் அப்படியே ஒன்றாக இருக்கும்போது, ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் மற்றொன்றின் மேல் ஏறிக்கொள்ளும். வேர் வழியாகப் படிப்பதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து இதுவே. ஒரே குடும்பத்துச் சொற்களை ஒரே மூச்சில் விழுங்கினால், குடும்பம் நினைவிருக்கும், ஆள் நினைவிருக்காது. எழுதுதல் வேரின் வாரத்தில் இது இன்னும் கடுமை. 'ப்ரிஸ்க்ரைப்' என்றால் மருந்து எழுதிக் கொடுத்தல், 'ப்ரோஸ்க்ரைப்' என்றால் தடை செய்தல். ஒரே ஓர் உயிரெழுத்து வேறுபாடு, பொருளோ ஏறத்தாழ எதிர். இவற்றுக்கு நடுவே குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுங்கள். முதல் சொல் வாக்கியத்தில் தானாக வரத் தொடங்கிய பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். வியாழக்கிழமைச் சொற்களை ஒன்றாகப் படிப்பது இதற்கு விதிவிலக்கு போலத் தெரியலாம். அங்கே தலையும் உடலும் முன்பே தெரிந்தவை, வேறுபாடு வாலில் மட்டும் இருக்கிறது, வேறுபாட்டை அறிவதே அன்றைய பாடமும்கூட.

இப்போது சனிக்கிழமை. அகராதியில் இந்த வேரிலிருந்து வரும், நீங்கள் இந்த வாரம் படிக்காத நான்கு சொற்களை யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே பொருளை மறைத்துக்கொண்டு சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் உறுப்புகளைப் பிரித்து, ஊகத்தை எழுத்தில் எழுதிய பிறகே அகராதியைத் திறக்க வேண்டும். என்னிடம் படித்த ஒருவர் நோட்டில் இருந்த ஒரு சனிக்கிழமைப் பக்கம் இப்படி இருந்தது. 'இர்ரெஸ்பெக்டிவ்': இல்லை, திரும்ப, பார், உரிச்சொல். ஊகம்: திரும்பிப் பார்க்காத. அகராதி: எதையும் பொருட்படுத்தாமல். சரி. 'அன்சஸ்பெக்டிங்': ஊகம்: ஐயப்படாத. அகராதி: நடக்கப்போவதை அறியாத, ஐயமற்ற. சரி. 'இன்கன்ஸ்பிக்யுவஸ்': ஊகம்: கண்ணில் படாத. சரி. 'ப்ராஸ்பெக்டர்': ஊகம்: எதிர்காலத்தைச் சொல்பவர், சோதிடர். அகராதி: பொன் முதலிய கனிமங்களைத் தேடி நிலத்தை ஆராய்பவர். தவறு.

நான்கில் மூன்று சரி. இந்த விகிதம் கிடைத்தால் வேர் உங்களுக்கு வசப்பட்டுவிட்டது என்று பொருள். நான்கில் ஒன்றுதான் சரி என்றால் அடுத்த வாரம் புதிய வேர் வேண்டாம், இதே வேரை வேறு சொற்களோடு மறுபடியும் நடத்துங்கள். தவறிப்போன சொல்லையும் வீணாக்காதீர்கள். சோதிடர் என்று ஊகித்தவர், முன்னால் எதிர்பார்ப்போடு தேடுவதும் 'முன்னால் பார்த்தல்'தானே என்று தாமே கண்டுகொண்டார். அந்தச் சொல் பிறகு அவருக்கு மறக்கவே இல்லை. முதலில் சொன்ன கணக்கு இதுதான். பன்னிரண்டு சொல் படித்தவர் நான்கு சொல்லைப் படிக்காமலே பெற்றார், அந்த வேரில் இன்னும் இருப்பவற்றையும் வாசிக்கும்போது எதிர்கொள்ளும் திறனையும் பெற்றார். பட்டியலில் ஐம்பது படித்தவருக்கு ஐம்பத்தோராவது சொல் முழுவதும் புதியதே.

ஞாயிற்றுக்கிழமை வெற்றுத் தாளை எடுத்து, நடுவில் வேரை எழுதி, நினைவில் உள்ள அத்தனை சொற்களையும் பொருளோடு சுற்றிலும் எழுதுங்கள். முடித்த பிறகு நோட்டோடு ஒப்பிட்டு விடுபட்டவற்றை வேறு நிற மையில் சேருங்கள். இதையே போன வாரத்து வேருக்கும், நான்கு வாரம் முந்தைய வேருக்கும் செய்யுங்கள். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தம்மீதே சோதனை செய்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலும் முதல் சில நாட்களிலும்தான் செங்குத்தாக இறங்குகிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. உங்களுடைய ஐம்பது சொற்கள் பத்து நாளில் பாதிக்குமேல் போனதற்கு இதுவே காரணம். நேற்றைய ஐம்பதை இன்று திரும்பப் பார்க்க இடம் கொடுக்காமல் இன்றைய ஐம்பது வந்து நின்றது. பார்த்துப் படிப்பதைவிடப் பார்க்காமல் எழுதுவது கடினம், கடினமாக இருப்பதால்தான் அது வேலை செய்கிறது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து முறை வாசிப்பதை மறுபார்வை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எல்லா வாரமும் இவ்வளவு சுமுகமாகப் போகாது. 'செய்தல்' என்ற வேருக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அது 'ஃபேக்டரி'யில் ஒரு முகமும், 'பெர்ஃபெக்ட்' என்பதில் இன்னொரு முகமும், 'எஃபிஷன்ட்' என்பதில் வேறொரு முகமும், 'மேக்னிஃபை' என்பதில் நான்காவது முகமும் காட்டும். முதல் வாரத்தில் முதல் இரண்டு, அடுத்த வாரத்தில் மற்ற இரண்டு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். அதே வேரிலிருந்து வரும் 'மேனுஃபேக்ச்சர்' என்ற சொல்லையும் அப்போது கவனியுங்கள். உறுப்புகளின்படி அதற்குக் கையால் செய்தல் என்று பொருள். இன்று இயந்திரத்தால் பெருமளவில் செய்வதையே அது குறிக்கிறது. சொல்லின் பிறப்பு வேறு, இன்றைய பொருள் வேறு. ஊகம் அகராதிக்குப் போகும் வழியைக் காட்டுமே தவிர, அகராதிக்கு மாற்றாக நிற்காது.

ஊகம் நேர்எதிராகப் போகும் இடங்களும் உண்டு, அவற்றுள் 'இன்' முன்னொட்டுதான் முதன்மையானது. அதற்கு இல்லை என்றும் பொருள், உள்ளே என்றும் பொருள். 'இன்ஸ்பெக்ட்' போல வினை வேரோடு நேராகச் சேரும்போது பெரும்பாலும் உள்ளே, 'இன்கன்ஸ்பிக்யுவஸ்' போல முழு உரிச்சொல்லோடு சேரும்போது பெரும்பாலும் இல்லை. 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லில் இந்த விதியைப் பொருத்துகிறவர்கள் தீப்பிடிக்காதது என்று முடிவு செய்துவிடுவார்கள். உண்மையில் அது எளிதில் தீப்பிடிக்கக் கூடியது. எங்கே பிரித்தார்கள் என்பதில் இருக்கிறது பிழை. 'ஃப்ளேமபிள்' என்பதோடு 'இன்' சேரவில்லை. தீமூட்டு என்னும் பொருளுள்ள 'இன்ஃப்ளேம்' என்ற வினையோடுதான் 'ஏபிள்' சேர்ந்திருக்கிறது. 'இன்வேல்யுவபிள்' என்பதும் மதிப்பில்லாததன்று, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. மூன்று உறுப்புகள் உள்ள எந்தச் சொல்லிலும், முதலில் எந்த இரண்டு சேர்ந்தன, பிறகு எது வந்து ஒட்டியது என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நல்லது.

உருவம் ஒன்றாக இருந்தும் வேர் வேறாக இருக்கும் சொற்கள் இன்னொரு பொறி. சுமத்தல் என்ற பொருளில் 'போர்ட்' என்ற வேரைப் பல பட்டியல்களில் பார்ப்பீர்கள். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அதை வைத்துக்கொண்டு ஏர்போர்ட்டையும் பாஸ்போர்ட்டையும் பிரித்தால் தவறிப்போகும், அவற்றில் உள்ளது துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு லத்தீன் சொல். இவ்வாறே 'பெடஸ்ட்ரியன்' என்பதில் உள்ளது லத்தீன் பாதம், 'பீடியாட்ரிஷன்' என்பதில் உள்ளது கிரேக்கக் குழந்தை. அதுபோல 'ரீ' என்று தொடங்குவதெல்லாம் முன்னொட்டும் ஆகாது. 'ரீச்' என்பதிலிருந்து முன்னொட்டை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் நிற்காது. எடுத்த பிறகு மிஞ்சுவது ஒரு சொல்லாகவோ உங்களுக்குத் தெரிந்த வேராகவோ இருந்தால்தான் அது முன்னொட்டு. ஐயம் வந்தால், சொற்பிறப்பு தரும் அகராதி ஒன்றில் அரை நிமிடம் பார்த்தால் தீர்ந்துவிடும்.

இந்த முறைக்குள் அடங்காத சொற்கள் நிறைய உண்டு. அவற்றை வலிந்து பிரிக்க வேண்டாம். அன்றாட ஆங்கிலத்தின் குறுஞ்சொற்கள் பெரும்பாலும் லத்தீனிலிருந்து வந்தவை அல்ல. 'கெட்', 'செட்', 'ரன்' போன்றவை 'அப்', 'ஆஃப்', 'அவுட்' ஆகியவற்றோடு சேர்ந்து பிறப்பிக்கும் பொருள்களை வேர் எதுவும் விளக்காது, வாசிப்பிலும் கேட்பதிலும்தான் அவை வரும். தேர்வுப் பட்டியல்களில் ஆட்பெயரிலிருந்தும் ஊர்ப்பெயரிலிருந்தும் வந்தவை இருக்கும். சுருக்கமாகப் பேசுகிற என்னும் பொருளுள்ள 'லக்கானிக்', ஸ்பார்ட்டா நகரம் இருந்த லக்கோனியா என்ற நிலப்பகுதியின் பெயரிலிருந்து வந்தது. தன்போக்கில் நடப்பவரைக் குறிக்கும் 'மேவரிக்', தம் மாடுகளுக்குச் சூட்டுக்குறி இடாமல் விட்ட சாமுவேல் மேவரிக் என்ற டெக்சாஸ்காரரின் பெயர். இத்தகையவற்றுக்கு நோட்டின் பின்பக்கத்தில் தனிச்சொற்கள் என்று இடம் ஒதுக்கி, வாரத்துக்கு ஐந்துக்கு மிகாமல் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே பழைய பட்டியல் முறைதான், எண்ணிக்கை சிறிதாக இருப்பதால் தாங்கும்.

உங்கள் தேர்வுக்கு இன்னும் ஒரு மாதமே இருக்கிறது என்றால் இந்தப் பதினான்கு வாரத் திட்டத்தைச் சுருக்கி நாளுக்கொரு வேர் என்று ஓட்ட முயல வேண்டாம். முன்னொட்டு வாரத்தை முடித்துவிட்டு பார்த்தல், வைத்தல், செய்தல் என்ற மூன்று வேர்களை மட்டும் எடுங்கள், மீதி நேரத்தைப் பழைய தேர்வுத் தாள்களுக்குக் கொடுங்கள். அந்தத் தாள்களில் தெரியாத சொல் வரும்போதெல்லாம் அகராதிக்கு முன் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டுப் பிரித்துப் பாருங்கள். மூன்று வேர்கள்தான் தெரியும் என்றாலும் கோடு விழும் சொற்கள் எவ்வளவு என்பதை முதல் தாளிலேயே எண்ணிவிடலாம்.